டாட்டா, கிராஸ்ஸா: ஒரே இரண்டு வெக்டர், இரண்டு கேள்வி

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஃபார்ம் 6 படிக்கிறேன். வெக்டரைக் கூறுகளாகப் பிரித்துக் கூட்டத் தெரியும், ஆனாலும் விடை அடிக்கடி தப்பிவிடுகிறது. டாட் புராடக்ட் எங்கே, கிராஸ் புராடக்ட் எங்கே என்று கணக்கைப் பார்த்ததும் பிடிபடுவதில்லை. நிஜ உதாரணம் வைத்து யாராவது சொல்வீர்களா?

பதில்:

கூட்டலில் தப்புவது பெரும்பாலும் கூட்டும் இடத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்பு கூறுகளாகப் பிரிக்கும்போதோ, கடைசியில் கோணம் எடுக்கும்போதோதான் நடக்கிறது. உங்கள் ஊர் ஃபெரியையே எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை, கப்பல் துறைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரி, கிழக்கிலிருந்து 30° தெற்கே முகம் வைத்து, தண்ணீரைப் பொறுத்து 4 m/s வேகத்தில் போகிறது. நீரோட்டம் வடக்கு நோக்கி 1 m/s. முதலில் அச்சை வரையுங்கள்: கிழக்கு +x, வடக்கு +y. ஃபெரியின் கூறுகள் 4 cos 30° = 3.46, −4 sin 30° = −2. நீரோட்டம் (0, 1). x-ஐ x-உடன், y-ஐ y-உடன் கூட்டினால் (3.46, −1). அளவு √(12 + 1) = 3.61 m/s, திசை கிழக்கிலிருந்து 16.1° தெற்கே. முகம் 30° தெற்கே இருந்தும் படகு உண்மையில் 16° மட்டுமே தெற்கே சாய்ந்து நகர்கிறது.

இதே கோணத்தைச் சில கணக்குகள் "பேரிங் 120°" என்று கொடுக்கும். பேரிங் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணப்படுவதால் அங்கே கிழக்குக் கூறுக்கு sin, வடக்குக் கூறுக்கு cos. "x என்றால் cos" என்று மனப்பாடம் செய்தவர்கள் விழும் இடம் இதுதான். கோணம் எந்த அச்சிலிருந்து அளக்கப்பட்டதோ அந்த அச்சுக்குத்தான் cos.

அடுத்தது கால்குலேட்டர். அது ரேடியன் மோடில் கிடந்தால் 4 cos 30 போட்டதும் 0.62 வரும், தெற்கே போக வேண்டிய −2, +3.95 ஆகி வடக்கே போய்விடும். இதைப் படத்தோடு ஒப்பிட்டாலே பிடித்துவிடலாம். கிரேடியன் மோடு இன்னும் மோசம்: 3.46-க்குப் பதில் 3.56 தரும், கண்ணுக்குச் சந்தேகமே வராது. கணக்கைத் தொடங்கும் முன் cos 60 அழுத்தி 0.5 வருகிறதா என்று பாருங்கள்.

இனி படகு திரும்பி வரட்டும். எதிர்த்திசையில் முகம், நீரோட்டம் அதே: (−3.46, 2) + (0, 1) = (−3.46, 3). இதற்கு tan⁻¹ போட்டால் திரையில் −40.9° வரும், அதாவது தென்கிழக்கு. படகோ வடமேற்கே போகிறது. tan⁻¹ −90° முதல் +90° வரை மட்டுமே சொல்லும். X எதிர்க்குறியாக இருந்தால் 180° கூட்டுங்கள். சரியான விடை 139.1°.

டாட், கிராஸ் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. டியூஷன் குறிப்புகளில் "டாட்டுக்கு cos, கிராஸுக்கு sin" என்று பெட்டி கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் கணக்கில் எது கேட்கப்படுகிறது என்பதை அந்தப் பெட்டி சொல்வதே இல்லை. அதனால் ஒரே இரண்டு வெக்டரை வைத்து இரண்டையும் செய்து காட்டுகிறேன்.

r = (0.4, 0) மீட்டர். F என்பது அதற்கு 60° கோணத்தில் 200 N, அதாவது (100, 173.2).

```
r · F       = 0.4×100 + 0×173.2   = 40
(r × F)_z   = 0.4×173.2 − 0×100   = 69.3
```

முதலில் r-ஐ ஒரு தள்ளுவண்டி நகர்ந்த தூரமாக வையுங்கள். கைப்பிடியை 60° மேல்நோக்கிச் சாய்வாக இழுக்கிறீர்கள், வண்டி தரையோடு 0.4 m நகர்கிறது. விசையில் நகர்ந்த திசையில் விழும் பங்கு 100 N மட்டுமே. 40 ஜூல் வேலை நடந்தது. மேல்நோக்கிய 173.2 N வேலை எதுவும் செய்யவில்லை, சக்கரங்களின் மேல் இருக்கும் பாரத்தை மட்டும் குறைத்தது. விடைக்குத் திசை கிடையாது.

இப்போது அதே r-ஐ டயர் கழற்றும் ஸ்பேனரின் கைப்பிடியாக வையுங்கள்: நட்டின் நடுவிலிருந்து கை பிடிக்கும் இடம் வரை 0.4 m. இங்கே நட்டைத் திருப்புவது கைப்பிடிக்குச் செங்குத்தான 173.2 N. கைப்பிடியின் நீளவாக்கில் போகும் 100 N நட்டைத் திருப்பாது, ஸ்பேனரை நட்டிலிருந்து வெளியே இழுக்கப் பார்க்கும். திருப்புவிசை 69.3 N·m. சிறிய கார்களின் சக்கர நட்டு ஏறத்தாழ 100 N·m-க்கு இறுக்கப்படுவதால் இது கழற்றப் போதாது. கையைச் செங்குத்தாகத் திருப்பினாலும் 0.4 × 200 = 80 தான். 0.5 m கைப்பிடி இருந்தால் 100 எட்டும். இறுகிப் பிடித்த நட்டுக்கு அதற்கும் மேலே வேண்டும்.

வண்டியில் வீணான கூறு ஸ்பேனரில் உழைக்கிறது, அங்கே உழைத்தது இங்கே வீண். அதனால் கணக்கைப் பார்த்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றின் திசையில் மற்றது எவ்வளவு விழுகிறது என்று கேட்கிறார்களா, ஒன்றைப் பற்றி மற்றது எவ்வளவு சுழற்றுகிறது என்றா? வேலை, திறன், பாயம் எல்லாம் முதல் வகை. திருப்புவிசை, கோண உந்தம், காந்தப்புலத்தில் ஓடும் மின்னூட்டத்தின் மேல் விழும் விசை எல்லாம் இரண்டாம் வகை. அலகை நம்பித் தீர்மானிக்காதீர்கள், இரண்டுக்கும் N·m தான் வரும். வேலையை மட்டும் ஜூல் என்று எழுதுகிறோம். திருப்புவிசைக்கு ஜூல் எழுதினால் மதிப்பெண் போகும்.

கிராஸின் திசை ஏதோ கற்பனை போலத் தோன்றும், ஆனால் நட்டிலேயே அதைப் பார்க்கலாம். r வலப்பக்கம், விசை மேல்நோக்கி என்றால் சுழற்சி இடஞ்சுழி. வலக்கை விரல்களை அப்படி வளைத்தால் கட்டைவிரல் உங்களை நோக்கி வரும். வழக்கமான வலப்புரி நட்டும் கழன்று உங்களை நோக்கித்தான் வருகிறது. (திருப்புவிசை முழு வெக்டர் அல்ல, போலி வெக்டர் என்று ஒருவர் எழுத வருவார். கண்ணாடிப் பிரதிபலிப்பு பற்றிப் பேசினால் அது சரி, இந்தக் கணக்குகளுக்குத் தேவையில்லை.)

கோணம் எடுக்கும்போது இரண்டு வெக்டரின் வால்களும் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். ஒன்றின் தலையில் மற்றதன் வாலை வைத்து உள்கோணத்தை அளந்தால் 60°-க்குப் பதில் 120° வரும். sin 120°-உம் sin 60°-உம் ஒன்றே என்பதால் கிராஸின் அளவு மாறாமல் பிழை ஒளிந்துகொள்ளும், டாட் மட்டும் −40 ஆகும். r-ஐ கையிலிருந்து நட்டுக்கு வரைந்தால் இரண்டுமே குறி மாறும்.

எண்ணைச் சரிபார்க்க ஒரு வழி: டாட்டின் வர்க்கமும் கிராஸ் அளவின் வர்க்கமும் சேர்ந்தால் இரண்டு அளவுகளின் பெருக்கலின் வர்க்கம் வர வேண்டும். 1600 + 4800 = 6400 = 80².

முப்பரிமாணத்தில் தப்புவது அநேகமாக நடுக்கூறின் குறி. (1, 2, 3) × (4, 5, 6) = (−3, 6, −3). விடையை முதல் வெக்டரோடு டாட் செய்யுங்கள்: −3 + 12 − 9 = 0. நடுவில் −6 எழுதியிருந்தால் −24 வரும். கிராஸின் விடை இரண்டு வெக்டருக்கும் செங்குத்து என்பதால் இரண்டோடும் பூஜ்யம் வந்தாக வேண்டும், ஒன்றில் வராவிட்டாலும் நடுக்கூறைத் திரும்பப் போடுங்கள்.