காரைக்கால் அம்மையார் கதையில் எது நடந்தது, எது புராணம்?

கேள்வி: "காரைக்கால் அம்மையார் வாழ்க்கைக் கதையில் எது உண்மை, எது பிற்காலத்தில் சேர்ந்தது என்று எப்படிப் பிரிப்பது?"

அடியார் புராணம் என்பது ஒருவரின் வாழ்க்கையைப் பக்தியோடு சொல்லும் கதை. கேட்பவர் மனம் உருக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் சொல்லச் சொல்ல இடைவெளிகள் நிரம்பும். தாத்தா வெறுங்கையோடு பட்டணம் வந்த கதையைப் போலத்தான். அப்பா சொல்லும்போது பையில் பத்து ரூபாய் இருக்கும், பேரன் சொல்லும்போது நாலணாதான்!

பிரிக்க எளிய வழி, எந்தத் தகவல் எப்போது முதலில் வருகிறது என்று பார்ப்பது. அம்மையார் ஏறக்குறைய 6-ஆம் நூற்றாண்டு. அவருடைய பாடல்களே நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்கிறார், ஆலங்காட்டுச் சுடுகாட்டில் ஆடும் சிவனைப் பாடுகிறார். கணவன் கேட்டபோது சிவனருளால் அவர் கைக்கு வந்ததாகச் சொல்லப்படும் மாம்பழமும் அவற்றில் இல்லை, கணவனும் இல்லை. அப்புறம் சுந்தரர் தம் அடியார் பட்டியலில் 'பேயார்' என்று மட்டும் சொல்லிப் போகிறார். மாம்பழக் கதை விரிவாக வருவது 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரின் பெரியபுராணத்தில். நடுவே சுமார் 600 ஆண்டுகள்!

ஆக, ஊர், பேய் என்ற பெயர், ஆலங்காட்டுப் பக்தி ஆகியவை உறுதி. மாம்பழம், 12-ஆம் நூற்றாண்டு மக்கள் அவரை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று.

அற்புதங்களை மட்டும் நீக்கினால் மிஞ்சுவது வரலாறு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல: கணவன் பரமதத்தன் வணிகன் என்பதில் அற்புதம் எதுவும் இல்லை, ஆனால் அதையும் நமக்கு விரித்துச் சொல்வது அதே பெரியபுராணம்தான்.