இரண்டு ஐசியு ஒன்றாகும்போது முதலில் ஒன்றாக வேண்டியது மருந்துக் கலவை

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் மெடிக்கல் ஐசியு, சர்ஜிகல் ஐசியு இரண்டையும் ஒரே யூனிட் ஆக்கப் போகிறார்கள். இரண்டு நர்சிங் டீமுக்கும் வேலை செய்யும் விதமே வேறு. இருக்கும் நல்ல பழக்கங்களை இழக்காமல் எப்படி ஒன்று சேர்ப்பது?

நீங்கள் இன்சார்ஜ் அல்லது சீனியர் ஸ்டாஃப் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். "எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒற்றுமையாக இருங்கள்" என்ற அறிவுரை உங்களுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கும். ஐசியுவில் மனக்கசப்பை விட ஆபத்தானது, ஒரே சொல்லை இரண்டு டீம் இரண்டு பொருளில் சொல்வது. அதனால் மருந்துக் கலவையில் ஆரம்பியுங்கள்.

நார்அட்ரினலின் எடுத்துக்கொள்வோம். ஒரு டீம் 4 மி.கி. மருந்தை 50 மி.லி. சிரிஞ்சில் போடுகிறது என்றால், ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம் இருக்கும். இன்னொரு டீம் அதே சிரிஞ்சில் 8 மி.கி. போடுகிறது, அதாவது மி.லி.க்கு 160. ஹேண்டோவரில் இரண்டு பேருமே "நார்அட் அஞ்சுல போகுது" என்றுதான் சொல்வார்கள். மணிக்கு 5 மி.லி. என்பது முதல் கலவையில் நிமிடத்துக்குச் சுமார் 6.7 மைக்ரோகிராம், இரண்டாவதில் 13.3. இத்தனை நாள் அவரவர் யூனிட்டுக்குள் அந்தச் சொல் சரியாக இருந்தது. யூனிட் ஒன்றானதும் அதே சொல் இரண்டு மடங்கு டோஸ் ஆகிவிடுகிறது.

தவறு உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இரவில் சிரிஞ்ச் தீர்ந்து, மற்ற டீமைச் சேர்ந்தவர் தன் வழக்கப்படி 8 மி.கி. கலந்து, பம்பை 5-லேயே விடுகிறார் என்று வையுங்கள். எக்ஸ்டென்ஷன் லைனுக்குள் ஒன்றரை மி.லி. பழைய மருந்து இருந்தால் அது தீரவே 18 நிமிடம் ஆகும். பிரஷர் ஏறும்போது அவர் வேறு பெட்டில் நிற்பார். "நோயாளி தேறி வருகிறார்" என்று நினைத்து பம்பைக் குறைப்பார்கள். அடுத்த சிரிஞ்சை முதல் டீம்காரர் 4 மி.கி.யாகக் கலந்து அதே வேகத்தில் விட்டால் பிரஷர் விழும். இரண்டு முறையும் யாருக்கும் சிரிஞ்ச் மீது சந்தேகம் வராது.

எந்தக் கலவையை வைத்துக்கொள்வது என்பதைக் கைதூக்கச் சொல்லி முடிவு செய்யாதீர்கள். ஆட்கள் அதிகமுள்ள டீம்தான் ஜெயிக்கும். என் கருத்தில் 4 மி.கி.யை வழக்கமான கலவையாக வைக்கலாம். குறைந்த டோஸ் தேவைப்படும் நோயாளிக்கு அடர்ந்த கலவை வைத்தால் பம்பை மணிக்கு ஒரு மி.லி.க்கும் கீழே இறக்க வேண்டி வரும், அந்த வேகத்தில் பல பம்புகள் சீராக ஓடுவதில்லை. ஆனால் மணிக்கு 15 மி.லி. தேவைப்படும் நோயாளிக்கு இந்தச் சிரிஞ்ச் மூன்றரை மணி நேரம்கூட வராது, நீரும் கூடுதலாக ஏறும். அவருக்கு மட்டும் 8 மி.கி., சிரிஞ்சிலும் லைனிலும் வேறு நிற லேபிளோடு. "இதையெல்லாம் நர்ஸ் முடிவு செய்வதா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. ஐசியு டாக்டரும் ஃபார்மசியும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை எழுதி அவர்கள் முன் வைப்பது நர்சிங் டீமின் வேலை. ஹேண்டோவரில் இனி "அஞ்சு" என்று மட்டும் சொல்லக் கூடாது. சிரிஞ்சில் எத்தனை மி.கி., பம்ப் வேகம், நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம், மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மயக்க மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். இவை முடியும் வரை ஒரு நோயாளியைக்கூட இடம் மாற்றாதீர்கள்.

அடுத்தது நீங்கள் கேட்ட நல்ல பழக்கங்கள். யூனிட் சேருவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஷிப்டுக்கு ஒருவரை எதிர் யூனிட்டுக்கு அனுப்புங்கள். குறை சொல்ல அல்ல. தங்களிடம் இல்லாத எதை அங்கே செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதிவர. அந்த "ஏன்" முக்கியம். சர்ஜிகல் டீம் டிரெயின் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, மணிக்கொரு முறை அளவையும் நேரத்தையும் குறிக்கும். ஆபரேஷனுக்குப் பின் உள்ளே ரத்தம் கசிந்தால் அந்தக் கோடுகளின் இடைவெளியில் சீக்கிரமே தெரிந்துவிடும். மெடிக்கல் டீமுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். மெடிக்கல் டீமோ நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைப்பதிலும், இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பதிலும் விடாப்பிடியாக இருக்கும். நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் அவர்களுக்கு அன்றாடக் கவலை.

இதில் பல இடங்கள் சறுக்குவதைப் பார்க்கலாம். இரண்டு பட்டியலையும் கூட்டி எல்லா நோயாளிக்கும் எல்லாவற்றையும் செய்யச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் சார்ட் முழுக்க டிக் இருக்கும், வேலை நடந்திருக்காது. பழக்கத்தை டீமிடமிருந்து எடுத்து நோயாளியின் நிலையோடு கட்டுங்கள். டிரெயின் இருந்தால் மணிக்கொரு கோடு, யார் டியூட்டியில் இருந்தாலும். வென்டிலேட்டர் இருந்தால் 30 டிகிரி, எந்த டாக்டரின் நோயாளியாக இருந்தாலும். காரணம் யாருக்கும் நினைவில்லாத பழக்கத்தை, பழைய சீனியர்களைக் கேட்காமல் தூக்கி எறிய வேண்டாம்.

ஹேண்டோவரில் இரண்டு முறைக்கும் இடம் உண்டு. பெட் அருகே நின்று பம்பிலிருந்து நோயாளியின் உடம்பு வரை ஒவ்வொரு லைனையும் விரலால் தொட்டுப் பார்ப்பது ஒரு டீமின் வழக்கமாக இருந்தால் அதை விடாதீர்கள். கலவை தவறு பிடிபடும் இடம் அதுதான். ஸ்டேஷனில் ரெஜிஸ்டர் வைத்து எழுதுகிறவர்களிடம் வேறொரு நன்மை இருக்கும்: அனுப்பிய பிளட் கல்ச்சர், வராத ரிப்போர்ட், பதில் சொல்லாத கன்சல்ட் போன்றவை தவறாது. பெட் அருகே இவை மறந்து போகும். ஆகவே நின்று பார்ப்பது பெட்டில், "பாக்கி" என்ற ஒரு பத்தி மட்டும் ரெஜிஸ்டரில். நோயாளி காதில் விழக்கூடாதவை ஸ்டேஷனிலேயே.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒழுங்கான ஹேண்டோவருக்கு அரை மணி நேரம் ஆகும். பல இடங்களில் அது டியூட்டி நேரத்தில் சேர்வதே இல்லை. லேட்டாக வந்தால் பயோமெட்ரிக் பிடிக்கும், லேட்டாகப் போனால் கண்டுகொள்ளாது. போதாக்குறைக்கு, யூனிட்டைச் சேர்த்த சாக்கில் ஷிப்டுக்கு ஒரு ஆளைக் குறைப்பார்கள். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் இல்லாத இடத்தில் நான் மேலே எழுதியது எதுவும் நிற்காது. சேர்ப்பதற்கு முன்பே ஆள் எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

டியூட்டி லிஸ்டில், முதல் நான்கு வாரம் எந்த இரவும் ஒரே டீம் ஆட்களாக இருக்கக் கூடாது. பெட்களைக் கலந்து கொடுங்கள். 1 முதல் 8 வரை பழைய மெடிக்கல், மீதி பழைய சர்ஜிகல் என்று விட்டால் ஒரே அறைக்குள் இரண்டு ஐசியு ஓடும். கிராஷ் கார்ட் இரண்டு இருந்தால் டிராயர் டிராயராக ஒரே அடுக்கு. கைதான் தேடுகிறது, கண் அல்ல.

சேர்ந்துவிட்டதா என்று பார்க்க இன்சிடென்ட் ரெஜிஸ்டரை நம்ப வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருவர் மீது ஒருவர் எழுதத் தயங்குவார்கள், பக்கம் காலியாகத்தான் இருக்கும். வாரம் பத்து சார்ட்டை எடுத்து, சிரிஞ்ச் மாற்றிய நேரத்துக்குப் பின் அரை மணிக்குள் பிரஷர் காரணமில்லாமல் ஏறியதா, இறங்கியதா என்று பாருங்கள். சிரிஞ்ச் மாற்றிய நேரமே சார்ட்டில் இல்லையென்றால், முதலில் சரி செய்ய வேண்டியது அதுதான்.