கருவாட்டுக் கடைக்குப் போட்டி வந்த பிறகு கதை நகரவில்லை

"வாரச்சந்தையில் தனியாகக் கருவாடு விற்கும் பெரியவருக்கு எதிரே இன்னொருவன் கடை விரிக்கிறான். அதன்பின் வெறும் வாய்ச்சண்டையாகவே போகிறது. எப்படி நகர்த்துவது?"

சண்டையை எடுத்துவிட்டுக் கடன் நோட்டைக் கொண்டுவாருங்கள்.

ஒரே கடை இருந்தவரை, பழைய பாக்கியில் கொஞ்சம் கொடுத்தால்தான் அடுத்த வாரக் கருவாடு கிடைக்கும். அதனால் பெரியவர் துணிந்து கடன் கொடுத்தார். எதிரே கடை வந்ததும், அவருக்கு 200 ரூபாய் பாக்கி வைத்திருக்கும் பெண், கையில் இருக்கும் 50 ரூபாயோடு அங்கே போய்விடுகிறாள். விலை குறைவு என்பதற்காக அல்ல. இவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். தன்னிடம் அதிகம் கடன்பட்டவர்களே முதலில் விலகுவதைப் பெரியவர் பார்க்கிறார். கதை அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் விலையை மட்டுமே போட்டியாக நினைத்ததால் தேங்கியிருக்கலாம். புதியவன் பேசும் வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரியவரின் இழப்பு அப்போதும் புரிந்தால் சரி. புரியாவிட்டால் அந்தப் பெண்ணின் காட்சி இன்னும் எழுதப்படவில்லை.

இதை ஒரே நாளில் முடிக்காதீர்கள், குறைந்தது மூன்று சந்தை நாட்கள் வேண்டும். சரக்கைத் தக்காளியாக மாற்றினால் இது பொருந்தாது. நன்கு காய்ந்த கருவாடு அடுத்த வாரம் வரை தாங்கும், அதனால் அவர் காத்திருக்கலாம். தக்காளிக்காரர் பொழுது சாய்வதற்குள் வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும்.