பொறுப்புத் துறப்புக்குக் கீழே நீங்கள் எழுதிய ஒரு வரி

கேள்வி: நான் பதினைந்து ஆண்டுகளாக மருத்துவத் தொழிலில் இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்காக, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது பற்றி ஒரு வீடியோ வெளியிட்டேன். யாரிடமும் பணம் வாங்கவில்லை. விளக்கப் பகுதியில் நான்கு ஆய்வுக் கட்டுரைகளுக்கான இணைப்புகளும், ‘இது கல்வி நோக்கத்துக்கு மட்டுமே, உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பின்பற்றாதீர்கள்’ என்ற பொறுப்புத் துறப்பும் இருக்கின்றன. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடும் ஒரு பெண் இதைத் தொடங்கிய நான்காம் நாள் இரவு, சர்க்கரை இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சக மருத்துவர் ஒருவர் என்னைக் கேலி செய்து வீடியோவே போட்டுவிட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன், தொடங்கலாமா என்று அந்தப் பெண் கேட்டபோது, ‘தாராளமாகத் தொடங்குங்கள், ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும்’ என்று பதில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். பொறுப்புத் துறப்பைக் கடுமையாக்கி, அந்தப் பதிலை நீக்கிவிட்டால் போதுமா?

பதில்: எதிலும் கை வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கேலி செய்த மருத்துவரை மறந்துவிடுங்கள். இலவசமாகச் செய்ததையும் மறந்துவிடுங்கள். உடலுக்குக் கேடு வந்த வழக்கில் கட்டணம் வாங்கவில்லை என்பது பெரிய கேடயம் அல்ல. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் முடித்துவிட்ட அந்த ஒரு வரி மட்டுமே. ஊருக்கெல்லாம் பொதுவாகப் பேசுகிறவரை ஒரு நோயாளியின் மருத்துவராக்குவது எளிதல்ல. ஒருவர் தான் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிக் கேட்க, அவருக்கென்று நீங்கள் பதில் சொன்னதும் நிலைமை மாறிவிடுகிறது. அவர் உங்களை நம்புவார் என்று தெரிந்தே சொன்னீர்கள், அவரும் நம்பினார். அவருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கவனக் கடமை அங்கே பிறந்துவிட்டது என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். நான் எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதையேதான் வாதிடுவேன்.

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் என்று மேலே எழுதியவரும் நீங்கள். ஒரு மருத்துவராகக் கீழே அனுமதி கொடுத்தவரும் நீங்கள். பொதுவான எச்சரிக்கையும் தனிப்பட்ட பதிலும் முரண்பட்டால், அந்தப் பெண் எதைப் பின்பற்றியிருப்பார் என்று நீதிபதி யோசிக்க அதிக நேரம் ஆகாது.

பொறுப்புத் துறப்பின் மீது இத்தனை நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் 1963-இல் தீர்ப்பான ஹெட்லி பைர்ன் வழக்கில், ‘பொறுப்பேற்காமல் தருகிறோம்’ என்று எழுதி, ஒரு நிறுவனத்தின் நிதிநிலை பற்றித் தவறான தகவல் கொடுத்த வங்கி தப்பித்தது. அதை நம்பிப் பலர் இன்றும் அதே பாணியில் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே போனது பணம், எலும்பு அல்ல. அதே நாட்டில் 1977-இல் வந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம், கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை அறிவிப்புப் பலகை போட்டு விலக்கிக்கொள்ள முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். ஆனாலும் காயம் பட்டவர் எதிரில் நிற்கும்போது, துறப்பு வாசகத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள்.

இனி அந்த நான்கு இணைப்புகள். அவை உங்களைக் காக்கும் என்று நினைக்கிறீர்கள். குறுக்கு விசாரணையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றில் ஒரு கட்டுரையைத் திறந்து, முடிவுரையை விட்டுவிட்டு, ஆய்வு நடந்த முறையைச் சொல்லும் பக்கத்துக்குப் போவார். மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் ஆய்வுகளில் இன்சுலினையும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளையும் தொடக்கத்திலேயே குறைப்பதோ நிறுத்துவதோ வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாத்திரை, தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருக்கிறது. சாப்பாடு குறைந்து மாத்திரை குறையாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருந்தைக் குறைத்ததைச் சொல்லும் வரியை உரக்க வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: ‘டாக்டர், இதை நீங்கள் படித்தீர்களா?’ படித்தேன் என்றால், ஆபத்து தெரிந்தும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. படிக்கவில்லை என்றால், படிக்காததை ஆதாரம் என்று காட்டினீர்கள். இரண்டு பதில்களில் எது மேல் என்று எனக்கே தெரியவில்லை.

நான் பார்த்த வரையில் கட்சிக்காரர்கள் அதிகம் விழும் குழி இதுதான். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு இணைப்பை ஒட்டிவிடுகிறார்கள். சான்று என்பது நீங்கள் சொன்னதற்கு மட்டும் சாட்சி சொல்லாது. யாரை ஆய்வில் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள், மருந்தை எப்படி மாற்றினார்கள் என்று நீங்கள் சொல்லாமல் விட்டதற்கும் சாட்சி சொல்லும். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் தொடங்கக் கூடாது என்ற ஒரு வாக்கியத்தை, உணவைக் குறைக்கச் சொன்ன அதே நிமிடத்தில் நீங்கள் வாயால் சொல்லியிருந்தால், உங்கள் நிலை இன்று எவ்வளவோ மேல். விளக்கப் பகுதியை விரித்துப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

இப்போது அந்தப் பதிலை நீக்குவது பற்றி. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு நீக்கினால், ஆதாரத்தை அழித்தார் என்ற புதிய குற்றச்சாட்டை நீங்களே எதிராளிக்குப் பரிசளிக்கிறீர்கள். அவரிடம் படம் பிடித்த நகல் இல்லாமல் நோட்டீஸ் வந்திருக்காது. உங்கள் பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். இப்படித் திருத்திய ஒரு கட்சிக்காரரின் வழக்கில் மருத்துவத்தைப் பற்றிப் பேசவே எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. திருத்தத்தைப் பற்றித்தான் கடைசி வரை பேச வேண்டியிருந்தது.

ஆனால் வீடியோவை அப்படியே ஓடவிடுவதும் சரியல்ல, இன்னொருவர் விழலாம். முதலில் வீடியோ, விளக்கப் பகுதி, எல்லாப் பின்னூட்டங்கள் ஆகியவற்றின் முழு நகலைத் தேதியோடு எடுத்து உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். அதன் பிறகு வீடியோவை அழிக்காமல், பொதுப் பார்வையிலிருந்து மட்டும் விலக்கி வையுங்கள். அப்படிச் செய்ததையும் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிடலாம்.

அந்தப் பெண் தன் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கினாரே என்பீர்கள். இழப்பீட்டுத் தொகையைக் குறைக்க அது உதவலாம், முழுவதும் துடைக்காது. அதை வைத்து மூன்று நான்கு ஆண்டுகள் வழக்கு நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை. சமரசம் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் வருத்தம் தெரிவிக்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு நீங்களே போன் செய்யாதீர்கள். உங்கள் தொழில் காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். காலதாமதம் செய்தாலோ, அவர்கள் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொண்டாலோ, தொகை பேசினாலோ காப்பீட்டை மறுக்க இடம் தரும் நிபந்தனை இத்தகைய பாலிசிகளில் சாதாரணமாக இருக்கும். நேரில் பார்க்காத ஒருவருக்கு இணையத்தில் சொன்ன ஆலோசனை அதில் அடங்குகிறதா என்பதையும் பாலிசியின் விலக்குப் பகுதியில் பாருங்கள்; அடங்கவில்லை என்றால் சமரசத் தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும். பேச்சுவார்த்தைக் கடிதங்கள் எல்லாம் பின்னால் நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்ட முடியாதபடி, ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ எழுதுவதாகத் தலைப்பிலேயே குறிப்பிட்டு, வழக்கறிஞர் மூலமே போகட்டும். நோட்டீஸில் கொடுத்திருக்கும் கெடு தேதிக்குள் முதல் கடிதம் போய்விட வேண்டும்.