வாடகை வீட்டுக்குச் சாயம் அடிக்க அனுமதிக் கடிதம்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இரண்டறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஹாலின் ஒரு சுவருக்கு மஞ்சள் சாயம் அடித்து, அதில் சாமி மேடைப் பலகை மாட்ட ஆசை. வீட்டுக்காரரோ எதுவானாலும் எழுதிக் கொடுங்கள் என்கிறார். காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று எழுதினால் போதுமா அக்கா?

பதில்: போதாது தங்கை. அந்தப் ‘பழையபடி’ என்ற சொல்தான் என் வைப்புத்தொகையில் பாதியைத் தின்றது. தோட்டத்து வீட்டை விட்டு டவுனுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். போகும்போது வெள்ளை அடித்துக் கொடுத்தேன். முன்பிருந்தது வெள்ளை அல்ல, இளமஞ்சள் கலந்த வெள்ளை என்றார் வீட்டுக்காரர். மறுக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

ஆகவே இப்போதைய நிலை என்ன என்பதைக் கடிதம் சொல்ல வேண்டும். மிச்சச் சாயம் உள்ள பழைய டின் வீட்டுக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டியிருக்கும் தாளில் நிறத்தின் எண் இருக்கும். இல்லையென்றால், கதவுக்குப் பின்புறம் சுவரிலிருந்து சில்லறைக் காசு அளவுக்குச் சாயத்தைப் பெயர்த்துக் கடையில் கொடுத்தால் நிறம் பார்த்துக் கலந்து தருவார்கள். பகல் வெளிச்சத்தில் சுவரைப் படம் எடுத்து, தேதியோடு கடிதத்துடன் இணையுங்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“ஹாலில் வாசலுக்கு எதிர்ச்சுவர் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் சாயம் அடிக்கவும், அதே சுவரில் நான்கு துளையிட்டுப் பலகை மாட்டவும் அனுமதி வேண்டுகிறோம். செலவு எங்களுடையது. வீட்டை ஒப்படைப்பதற்கு ஒரு வாரம் முன்பு துளைகளைப் பட்டியால் அடைத்து, தேய்த்து, சீலர் அடித்து, அச்சுவர் முழுவதற்கும் இன்ன எண் கொண்ட நிறத்தை இரண்டு முறை அடித்துத் தருவோம். மற்றச் சுவர்களின் நிறம் நாளடைவில் மங்கியதற்கு நாங்கள் பொறுப்பல்ல. மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் எழுத்தில் தெரிவிக்கவும்.”

‘சுவர் முழுவதற்கும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். துளை இருந்த இடத்தில் மட்டும் பூசினால், ஒரே எண் சாயமானாலும் திட்டுத் தெரியும். பழைய சாயம் மங்கியிருக்கும் அல்லவா? புதுச் சுவருக்குப் பக்கத்தில் பழைய சுவர் அழுக்காகத் தெரிவதால், முழு ஹாலையும் அடித்துத் தரச் சொல்வார்கள் என்பதற்காகவே அந்த மங்கல் வரி.

துளையிடும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அது பலகைத் தடுப்பு; விளக்கும் குங்குமச்சிமிழும் தாங்கும் கனமான மேடையை அதில் மாட்டாதீர்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் கம்பி ஓடக்கூடும், அங்கும் துளை வேண்டாம்.

இரண்டு பிரதி எடுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பாமல், உங்கள் பிரதியிலும் ‘சம்மதிக்கிறேன்’ என்று அவர் தேதியோடு கையெழுத்திடட்டும். அதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். வெளிப்புறச் சுவரோ வராந்தாவோ என்றால் வீட்டுக்காரர் ஒருவரின் கையெழுத்து போதாது, ஃபிளாட் நிர்வாகத்தையும் கேட்க வேண்டும்.