குரூப்பில் போட்ட படம்தானே, கேட்கவும் வேண்டுமா?

கேள்வி: தம்பி ரிசப்ஷனில் எல்இடி திரையில் ஓட்ட, சினிமா டான்ஸ் ஒன்றில் பெரியப்பா, அத்தை, நண்பர்கள் முகங்களை மாற்றி வைக்கிறோம். படங்கள் எல்லாம் அவர்களே குடும்பக் குரூப்பில் போட்டவை. தனியாக அனுமதி கேட்க வேண்டுமா?

பதில்: கேட்க வேண்டும். அத்தை படம் போட்டது நீங்கள் பார்க்க. இன்னொருத்தி உடம்பில் ஆட அல்ல. இன்றைய செயலிகளுக்கு நேராகப் பார்க்கும் ஒரே படம் போதும் என்பதால்தான், படம் கையில் இருப்பதே அனுமதி என்று தோன்றிவிடுகிறது.

குரூப்பில் கேட்காதீர்கள். பத்துப் பேர் கட்டைவிரல் போட்டால் பதினோராவது ஆள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஒவ்வொருவருக்கும் தனியாக, மாதிரி வீடியோவைச் சேர்த்து அனுப்புங்கள். மாதிரியில் உங்கள் முகத்தையே வையுங்கள். அவர் முகத்தை வைத்துச் செய்துவிட்டுக் கேட்டால் அது அனுமதியே அல்ல.

"அத்தை, ரிசப்ஷன் திரையில 20 செகண்ட் காமெடி வீடியோ ஓட்டறோம். இந்த மாதிரி டான்ஸ்ல உங்க முகம் வரும். நாங்க ஸ்டேட்டஸ், ரீல்ஸ்ல போட மாட்டோம். ஆனா வர்றவங்க போன்ல எடுக்கலாம், அதைத் தடுக்க முடியாது. சரின்னா 'சரி'ன்னு அனுப்புங்க. வேண்டாம்னா காரணம் கேக்க மாட்டோம். அப்புறம் மனசு மாறினாலும் ரிசப்ஷனுக்கு முதல் நாள் வரைக்கும் எடுத்துடலாம்."

போன் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 'மண்டபத்தோடு சரி' என்ற வாக்குறுதியை யாராலும் காப்பாற்ற முடியாது. பதில் வராவிட்டால் அந்த முகத்தை விட்டுவிடுங்கள்.

என் பெரிய பயம் எடிட்டிங் செய்து தருபவர்கள்தான். "படத்த அனுப்புங்க சார், மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். சிலர் படங்களை ஏதோ இலவச செயலியில் ஏற்றுவார்கள். முடிந்ததைத் தங்கள் விளம்பர ரீலில் போடுவார்கள். எந்தச் செயலி, எப்போது அழிப்பீர்கள், விளம்பரத்தில் போடுவீர்களா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.

இறந்த தாத்தாவை இப்படி வீடியோவில் மேடையில் நிற்கவைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவரிடம் கேட்க முடியாது. அதனால் யாரிடமும் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது. பாட்டி இருந்தால் பாட்டி, அப்புறம் பிள்ளைகள் எல்லோரும். ஒருவர் மறுத்தாலும் செய்யாதீர்கள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைத்து, பாட்டியை ஆயிரம் பேர் முன்னால் அழவைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். வேண்டுமானால் வீட்டில் முதலில் போட்டுக் காட்டுங்கள்.

உடம்புக்குச் சொந்தக்காரரையும் மறக்காதீர்கள். 2023 நவம்பரில் பரவிய ராஷ்மிகா மந்தனா போலி வீடியோவில் இருந்தது வேறொரு பெண்ணின் உடல். அவரையும் யாரும் கேட்கவில்லை.

சட்டத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். தனிநபர் தரவுச் சட்டம் 2023-இல் நிறைவேறியது; விதிகள் வரவே 2025 நவம்பர் ஆகிவிட்டது. அதிலும் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. அத்தையின் வீடியோ பரவிய பிறகு அவர் cybercrime.gov.in-இல் புகார் எழுதி, ஸ்டேஷனுக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுத உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.