ஏழாம் அதிகாரத்தை ஆறாம் வசனம் வரை படியுங்கள்

கேள்வி: "சபைக் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டேன். உடனே எங்கள் பெரியப்பா 'நியாயந்தீர்க்காதே, நீயும் தீர்க்கப்படுவாய்' என்று வாயை அடைத்துவிட்டார். அப்படியென்றால் தப்பைத் தப்பு என்று சொல்லவே கூடாதா?"

சொல்லலாம். உங்கள் பெரியப்பா சொன்னது மத்தேயு 7:1. இயேசுவின் அந்தப் பேச்சு ஐந்தாம் வசனம் வரை ஓடி, அங்கே போய்த்தான் முடிவுக்கு வருகிறது. "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்" என்பது அந்த முடிவு. அந்தப் 'பின்பு' எதற்கு? சகோதரன் கண்ணில் துரும்பு இருப்பது உண்மை, அதை எடுக்கத்தான் வேண்டும் என்பதற்கு. முதல் வசனத்தோடு நிறுத்திக்கொண்டால் துரும்பு அவன் கண்ணிலேயே கிடக்கும்.

அடுத்த வசனம் இன்னும் சங்கடமானது. பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடுக்காதே, முத்துகளைப் பன்றிகள் முன் போடாதே என்கிறது. எது நாய், எது பன்றி என்று யாராவது தீர்மானித்தால்தானே அதன்படி நடக்க முடியும்? பதினைந்தாம் வசனத்தில் ஆட்டுத்தோல் போர்த்தி வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி எச்சரிக்கை. அவர்களைக் கனிகளால் அறிந்துகொள்ளலாம் என்கிறது அதற்கடுத்த வசனம். கண்ணை மூடிக்கொண்டு இரு என்பதுதான் முதல் வசனத்தின் பொருள் என்றால், அதே அதிகாரம் தன்னோடு தானே சண்டை போடுகிறது என்றாகிவிடும்.

அந்த ஒற்றை வரி மட்டும் இப்படித் தனியாகத் திரிவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. நாம் வசனங்களைச் சந்திப்பதே தனித்தனியாகத்தான். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில், காலண்டர் தாளில், காலையில் வரும் வாட்ஸ்அப் படத்தில். (பன்றி வசனம் போட்ட காலண்டர் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.) புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களே 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. மத்தேயு எழுதியபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று எதுவும் இல்லை.

இனி, முதல் வசனம் எதைத்தான் தடுக்கிறது என்று பார்க்கலாம். இரண்டாம் வசனத்தில் "நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்" என்று வருகிறது. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு இது பழகிய பேச்சு. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்கக் கூடாது, வீட்டில் இரண்டு மரக்கால் வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் 25 ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. வாங்கும்போது பெரியது, விற்கும்போது சின்னது என்ற வியாபாரத்தைத்தான் அது பிடிக்கிறது. இயேசு அதை மனிதரை எடைபோடுவதற்குக் கொண்டுவருகிறார். உன் தப்புக்கு ஒரு மரக்கால், அடுத்தவன் தப்புக்கு ஒரு மரக்கால் வைத்திருந்தால், அடுத்தவனுக்கு வைத்திருக்கும் மரக்காலாலேயே கடவுள் உன்னையும் அளப்பார்.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே தர்மம் கொடுப்பது, ஜெபம், உபவாசம் மூன்றையும் பிறர் காணச் செய்கிறவர்களை 'மாயக்காரர்' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். அதெல்லாம் எங்கோ இருக்கும் 'அவர்கள்'. 7:5-இல்தான் முதல்முறையாக எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "மாயக்காரனே!" என்கிறார். வேஷம் கலையட்டும் என்பதுதான் பேச்சு. குற்றம் கண்ணில் படக் கூடாது என்பது இல்லை.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சபையில் தார்ப்பாயும் அரிசியும் கொடுத்தார்கள். கமிட்டி போட்ட விதி: கூரை போன வீட்டை இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் பட்டியலில் பெயர். அடுத்த தெருக்காரர்களுக்கு அந்த விதி கறாராக நடந்தது. சாயங்காலம் போன ஒரு குடும்பத்தைக்கூட நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பினார்கள். கமிட்டியில் இருந்தவர்களின் சொந்தக்காரர் பெயர்களோ யாரும் போய்ப் பார்க்காமலே பட்டியலில் ஏறின.

ஒரு அக்கா இதைக் கவனித்துவிட்டார். கேட்பதற்கு முன்னால் பட்டியலில் தன் வீட்டை முதலில் தேடினார். அவருடைய அம்மா பெயரும் அப்படியே ஏறியிருந்தது. அம்மா வீட்டில் ஓடு கொஞ்சம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். தார்ப்பாயைத் திருப்பிக் கொடுத்து, பெயரை அடிக்கச் சொன்னார். அப்புறம்தான் செயலாளரிடம் தனியாகப் போய், "அண்ணே, மற்ற பெயர்களையும் போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றார். அவருக்கும் கிடைத்தது உங்களுக்குக் கிடைத்த அதே பதில்தான்: "நியாயந்தீர்க்காதேம்மா."

இதில் 7:1 யார்மேல் விழுகிறது? இரண்டு மரக்கால் வைத்திருந்தது கமிட்டி. அக்கா அம்மா வீட்டுக்கும் அடுத்த தெருவுக்கும் ஒரே அளவைத்தான் பிடித்தார். உத்திரம், துரும்பு, முன்பு, பின்பு எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. செயலாளர் அந்த வசனத்தைத் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். கடைசியில் இன்னும் இரண்டு பேர் அக்காவோடு சேர்ந்து கேட்ட பிறகு சில வீடுகளைப் போய்ப் பார்த்தார்கள், சிலவற்றைப் பார்க்கவில்லை. முழு நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அக்கா, "இவன் திருடன், இவன் விசுவாசியே இல்லை" என்று கிளம்பியிருந்தால் அவர்மேலும் 7:1 விழுந்திருக்கும். பட்டியல் தப்பு என்பது பார்த்துச் சரிசெய்யக்கூடியது. அந்த ஆளின் உள்ளம் என்ன, கடவுள் முன்னால் அவன் கதி என்ன என்பது நம் கைக்கு அப்பாற்பட்டது. 'தீர்க்கப்படுவீர்கள்' என்பதில் தீர்க்கிறவர் கடவுள். அந்த நாற்காலியில் நாம் போய் உட்கார்வதைத்தான் தடுக்கிறது. எனக்குத் தெரிந்து, 7:5-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஊரார் கண்ணையெல்லாம் நோண்டுகிறவர்களும் 7:1-ஐ வைத்து வாயடைக்கிறவர்கள் அளவுக்கே இருக்கிறார்கள்.

கடிந்துகொள்வதே அன்புக்கு விரோதம் என்று பெரியப்பா வாதாடினால் லேவியராகமம் 19-ஐத் திறந்து காட்டுங்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது 18-ஆம் வசனம். அதற்கு முந்தின வசனமே, உள்ளத்தில் பகையை வைத்துக்கொள்ளாமல் பிறனைக் கடிந்துகொள் என்கிறது. 15-ஆம் வசனம் ஏழை என்று தாட்சணியமும் வேண்டாம், பெரியவன் என்று பயமும் வேண்டாம், நீதியாகத் தீர்ப்புச் செய் என்கிறது. யோவான் 7:24-இல் இயேசுவும் தோற்றத்தைப் பார்க்காமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பொறுப்பில் எப்போதாவது சபைப் பணம் வந்திருந்தால் அதன் பில்களை முதலில் எடுத்து வையுங்கள். எந்த மாதம், எந்தச் செலவு என்று சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் பெயரோ அவர் நோக்கமோ அதில் வேண்டாம். கணக்கு வைத்திருப்பவரிடம் முதலில் தனியாகப் போங்கள்; மத்தேயு 18:15 சொல்லும் முறை அதுதான். அவர் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அடுத்த வசனம். அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு முன் கொண்டுவரச் சொல்கிறது 17. அந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவராகப் பெரியப்பாவையே கூப்பிட்டுப் பாருங்கள், வந்தாலும் வருவார்.